அலகின் எல்லையே மதிப்பெண்ணின் எல்லை

கேள்வி: ஐயா, வணக்கம். மதுரைக்கு அருகே ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் புள்ளியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வரும் ஜூலையில் முதலாண்டு அறிமுகப் புள்ளியியல் தாளை நான் எடுக்க வேண்டும். வாரவாரியான பாடத்திட்டம், வாசிப்பு, பணிகள், மதிப்பெண் பங்கீடு எல்லாம் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பழைய திட்டத்தில் ஐந்து அலகு, அலகுக்கு மூன்று வாரம்: தரவும் படங்களும், சராசரிகள், சிதறல் அளவைகள், ஒட்டுறவும் தொடர்புப்போக்கும், கடைசியில் நிகழ்தகவு, கூறெடுப்பு, கருதுகோள் சோதனை மூன்றும் சேர்ந்து. அகமதிப்பீடு 40: வருகை 5, பணி 15, தேர்வு 20. செமஸ்டர் தேர்வு 60. கடைசி அலகை எல்லாரும் ஓட்டமாக ஓட்டித்தான் முடிக்கிறார்கள். பிள்ளைகளில் பாதிக்கு மேல் தமிழ்வழி. எதை மாற்றலாம்?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் காலண்டரை மூடி வைத்துவிட்டு, டே ஆர்டர் அட்டவணையை எடுங்கள். 90 வேலை நாள், ஆறு நாள் ஒரு சுற்று என்றால் 15 சுற்று. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் விடுமுறை விட்டால் காலண்டர் வாரம் கெடும், சுற்று கெடாது. உங்கள் கல்லூரியில் டே ஆர்டர் உண்டென்றால் 'மூன்றாம் வாரம்' என்று எழுதாமல் 'மூன்றாம் சுற்று' என்று எழுதுங்கள். திட்டம் நடப்போடு ஒத்துப் போகும். சுற்றுக்கு நான்கு மணி நேரம் வைத்தால் தாளில் 60 மணி வரும். இரண்டு அகத்தேர்வு, கல்லூரி விழா, விளையாட்டு விழா என்று போனது போக 48 மணிதான் கையில் நிற்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். 60க்குத் திட்டம் போட்டால் விடுபடும் 12 மணியும் கடைசி அலகிலிருந்துதான் போகும். நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

மீதிப் பாதிக் காரணம் நடுவில் இருக்கிறது. சராசரிகளுக்கு மூன்று வாரம், சிதறலுக்கு மூன்று வாரம். நம் பிள்ளைகள் கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு மூன்றையும் ஒன்பதாம் வகுப்பில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே இருக்கின்றன. அதையே மறுபடி நேரடி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என்று மூன்று வழியில் போட வைக்கிறோம். கையால் கணக்குப் போட்ட காலத்தில் பெருக்கலைக் குறைப்பதற்காக வந்த வழிகள் இவை. இன்று ஒரு மாணவரின் கைப்பேசி அந்த வேலையைச் செய்துவிடும். இசைச் சராசரி, பெருக்குச் சராசரி, கோட்ட அளவைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒரு மணி நேரம் கொடுங்கள், போதும். சராசரியும் சிதறலும் ஒரே அலகாக இரண்டு சுற்றில் முடியும். நேரம் வாங்க வேண்டிய இடம் இதுதான்.

வாங்கிய நேரத்தை எங்கே செலவிடுவது என்று சொல்வதற்கு முன் முதல் இரண்டு சுற்றைப் பற்றி ஒரு வார்த்தை. முதலாண்டுச் சேர்க்கை ஜூலையோடு நிற்பதில்லை. வகுப்பு தொடங்கிப் பல நாள் கழித்தும் கவுன்சலிங், இடமாற்றம் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் தவறவிட்டால் பிடிக்க முடியாத எதையும் முதல் இரண்டு சுற்றில் வைக்காதீர்கள். தரவு எப்படிச் சேருகிறது, யாரைக் கேட்டோம், யார் விட்டுப்போனார்கள் என்ற பாடம் அங்கே பொருந்தும். வகுப்புக்கே ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள்: வீட்டிலிருந்து கல்லூரிக்கு வர எத்தனை நிமிடம், நேற்று எத்தனை மணி நேரத் தூக்கம், உடன்பிறந்தாரோடு சேர்த்து வீட்டில் எத்தனை பிள்ளைகள். தாமதமாக வருகிறவர் தன் வரியைச் சேர்த்துக்கொண்டு உள்ளே வரலாம். அந்த அட்டவணைதான் செமஸ்டர் முழுக்க உங்கள் தரவு.

மூன்றாவது கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. வகுப்பில் வரும் பிள்ளைகள் எண்ணிக்கையின் சராசரி, ஊரில் ஒரு குடும்பத்துக்கு உள்ள சராசரியைவிட எப்போதும் கூடுதலாகவே வரும். பிள்ளையே இல்லாத வீட்டிலிருந்து உங்கள் வகுப்புக்கு யாரும் வரப்போவதில்லை. ஐந்து பிள்ளைகள் உள்ள வீடு வகுப்புக்குள் வர ஐந்து வாய்ப்பு, ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரே வாய்ப்பு. எண்ணியது சரி, கூட்டியது சரி, விடை மட்டும் தப்பு. கூறெடுப்புச் சாய்வை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்கு வழி தெரியாது.

இனி நேரம் செலவிட வேண்டிய இடம். கூறெடுப்புப் பரவலுக்கு, அதாவது ஒரு கூறின் சராசரி கூறுக்குக் கூறு எப்படி மாறும் என்ற பாடத்துக்கு, முழுதாக மூன்று சுற்று கொடுங்கள். 9, 10, 11. இது பிடிபடாமல் போனால் நம்பிக்கை இடைவெளியும் கருதுகோள் சோதனையும் சூத்திரத்தில் எண்ணைப் போடும் வேலையாகிவிடும். இப்போது பெரும்பாலான கல்லூரிகளில் நடப்பது அதுதான். பழைய திட்டங்களில் இந்தப் பாடத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

முதல் நாள் சூத்திரம் வேண்டாம், ஐந்து சீட்டு போதும். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, அலங்காநல்லூர், உசிலம்பட்டி என்று ஐந்து ஊரிலிருந்து ஐந்து மாணவர்கள் வருவதாக வைத்து, சீட்டுகளில் 10, 20, 30, 40, 50 என்று பயண நிமிடங்களை எழுதுங்கள். உண்மையான பஸ் நேரமாக இருக்க வேண்டியதில்லை, கூட்டச் சுலபமாக இருந்தால் சரி. முழுமைத்தொகுதியின் சராசரி 30. இரண்டு இரண்டு சீட்டாக எடுத்தால் பத்து இணைகள் கிடைக்கும். அவற்றின் சராசரிகளைக் கரும்பலகையில் எழுத வையுங்கள்: 15, 20, 25, 30, 25, 30, 35, 35, 40, 45. பத்தையும் கூட்டினால் 300, சராசரி மறுபடி 30. ஒவ்வொரு கூறும் தப்பலாம், எல்லாக் கூறுகளின் சராசரி தப்பவில்லை என்பதை அவர்களே சொல்வார்கள். ஐந்து சீட்டுகளும் 10 முதல் 50 வரை பரந்து கிடக்க, கூறு சராசரிகள் 15 முதல் 45க்குள் சுருங்கிவிட்டதையும் யாராவது கவனிப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஐந்து எண்களின் திட்ட விலக்கம் 14.14. கூறின் அளவு 2. திட்டப்பிழைக்கு எல்லாப் புத்தகத்திலும் உள்ள சூத்திரப்படி 14.14ஐ √2ஆல் வகுத்தால் 10 வர வேண்டும். பலகையில் உள்ள பத்து சராசரிகளின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் 8.66 வருகிறது. கெட்டிக்கார மாணவர் ஒருவர் இதைக் கேட்பார். கேட்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போடாமல் அடுத்ததை எடுத்ததுதான் காரணம். மொத்தமே ஐந்து சீட்டு இருக்கும்போது ஒன்றை எடுத்துவிட்டால் மீதி நான்கில்தான் அடுத்தது. ஒரே எண் இரண்டு முறை வர வழியில்லை, ஆகவே ஓரங்களில் கிடக்கும் 10-உம் 50-உம் கூறு சராசரியாக வரவே முடியாது. சீட்டைத் திரும்பப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். 25 இணைகள் வரும், திட்ட விலக்கம் சரியாக 10 நிற்கும். முழுமைத்தொகுதி பெரிதாக இருந்தால் திரும்பப் போட்டாலும் போடாவிட்டாலும் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் சூத்திரத்தை அப்படியே எழுதுகிறோம். இதைச் சொல்லாமல் தாண்டிய வகுப்பில் 'நாம் போட்டதும் புத்தகமும் ஒத்துவரவில்லை' என்ற சந்தேகம் பிள்ளைகள் மனதில் தங்கிவிடும்.

எக்செல்லில் செய்து காட்டினால் இன்னொரு இடத்தில் இடறும். ஐந்து சீட்டும் இங்கே முழுமைத்தொகுதி, ஆகையால் முதல் வரிதான் சரி.

```
=STDEV.P(A1:A5)
=STDEV.S(A1:A5)
```

முதலாவது 14.14 தரும். இரண்டாவது, நான்கால் வகுத்து, 15.81 தரும். மாணவர்கள் பழக்கத்தில் இரண்டாவதைத்தான் அடிப்பார்கள்.

மூன்று சுற்று முடிந்தபின் பாடம் இறங்கியதா என்று தெரிய ஒரு கேள்வி போதும். 'கூறின் அளவை 25லிருந்து 100ஆக உயர்த்தினால், நீங்கள் சேகரித்த பயண நேரங்களின் சிதறல் குறையுமா?' வகுப்பில் பெரும்பாலோர் 'குறையும், பாதியாகும்' என்று எழுதினால் பாடம் இறங்கவில்லை. நூறு பேரைக் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவர் பக்கத்திலும் தூரத்தில் இருப்பவர் தூரத்திலும்தான் இருக்கிறார்கள். பயண நேரங்களின் சிதறல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பாதியாவது சராசரியின் திட்டப்பிழை. தரவின் சிதறலையும் சராசரியின் சிதறலையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் தாளின் ஆகப் பெரிய வழுக்குமரம். இந்தக் கேள்வியை 11ஆம் சுற்றுக் குறுந்தேர்வில் வையுங்கள், விடை மோசமாக வந்தால் 12ஆம் சுற்றில் சோதனைப் பாடத்துக்குத் தாவாமல் ஒரு மணி நேரம் திரும்பி வாருங்கள்.

மற்ற சுற்றுகள் இதைச் சுற்றித் தானாக அமையும். 3, 4 படங்களும் சராசரி, சிதறலும். 5, 6 சிதறல் விளக்கப்படம், ஒட்டுறவு, தொடர்புப்போக்குக் கோடு. நிகழ்தகவுக்கு முன்னால் இதை வைப்பது சிலருக்கு உறுத்தும். கோடு வரைவதற்கு நிகழ்தகவு தேவையில்லை, வகுப்பு அட்டவணை கையில் சூடாக இருக்கிறது, அவ்வளவுதான். 7, 8 நிகழ்தகவும் இயல்நிலைப் பரவலும், நடுவில் முதல் அகத்தேர்வு. பேய்ஸ் தேற்றமும் வரிசைமாற்றக் கணக்குகளும் இந்தத் தாளுக்கு வேண்டாம், அடுத்த செமஸ்டரில் நிகழ்தகவுத் தாள் இருந்தால் அங்கே போகட்டும். 12, 13 நம்பிக்கை இடைவெளியும் கருதுகோள் சோதனையும், இரண்டே சோதனை: ஒரு சராசரி, ஒரு விகிதம். 14 காலியாக இருக்கட்டும். திட்டத்தில் 'மீள்பார்வை' என்று எழுதிக்கொள்ளுங்கள், எப்படியும் நிரம்பிவிடும். 15 வாய்மொழித் தேர்வு.

வாசிப்புக்கு ஆறு புத்தகப் பட்டியல் போட்டால் ஒன்றையும் யாரும் திறக்க மாட்டார்கள். சுற்றுக்கு ஆறேழு பக்கம், பக்க எண்ணோடு, அந்தந்தச் சுற்றின் வரியிலேயே எழுதுங்கள். தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியல் பாடநூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் பிள்ளைகளில் பலர் மேல்நிலையில் புள்ளியியல் எடுத்திருக்க மாட்டார்கள், ஆகவே அவை அவர்களுக்குப் புதிதுதான். ஆங்கிலத்தில் ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிட்டுள்ள அறிமுக நூலும் இலவசம். அதன் 7ஆம் அத்தியாயம் மைய எல்லைத் தேற்றம், 8ஆவது நம்பிக்கை இடைவெளி. உங்கள் 9 முதல் 12 வரையிலான சுற்றுகளுக்கு நேராகப் பொருந்தும். ஒட்டுறவு அங்கே 12ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அதை 5ஆம் சுற்றில் கொடுக்கும்போது, உள்ளே வரும் ஒட்டுறவுக் கெழுவின் சோதனைப் பகுதியை விட்டுவிடச் சொல்லுங்கள், சோதனை என்றால் என்னவென்றே அப்போது தெரிந்திருக்காது.

மதிப்பெண்ணுக்கு வருவோம். உங்கள் 40இல் பணிக்கு 15 என்று எழுதியிருக்கிறது. அது உண்மையில் 15 மதிப்பெண் வேலையைச் செய்கிறதா என்று போன வருட மதிப்பெண் பட்டியலை வைத்துப் பாருங்கள். மதிப்பெண்ணின் ஒரு பகுதி, மாணவர்களின் தரவரிசையை எவ்வளவு அசைக்கிறது என்பது அதற்கு எழுதிய உச்ச மதிப்பெண்ணைப் பொறுத்ததில்லை, அதில் மாணவர்களுக்கிடையே எவ்வளவு சிதறல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உதாரணத்துக்கு ஒரு வகுப்பை வைத்துக்கொள்வோம். வருகைக்கு எல்லாருக்கும் 4 அல்லது 5, திட்ட விலக்கம் 0.4. பணியில் எல்லாரும் 13க்கும் 15க்கும் நடுவில், திட்ட விலக்கம் 0.8. தேர்வில் 5லிருந்து 19 வரை, திட்ட விலக்கம் 4. மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்தால் பரவற்படிகள் 0.16, 0.64, 16, கூட்டினால் 16.8. மொத்தத்தின் சிதறலில் தேர்வின் பங்கு நூற்றுக்கு 95. பணியின் பங்கு 4கூட முழுதாக இல்லை. வருகை 1. தாளில் பணிக்கு 40இல் 15, நடப்பில் ஒன்றரை.

ஒருவரின் நோட்டைப் பார்த்து ஐம்பது பேர் எழுதும் பணிக்கு இதுதான் கதி. நிஜ வகுப்பில் மூன்றும் சேர்ந்து ஏறி இறங்கும், அதனால் மேலே சொன்ன எளிய கூட்டல் சரியாக நிற்காது. C பத்தியில் பணி, F பத்தியில் மொத்தம், 60 மாணவர் என்றால் கீழே உள்ள வரி பணியின் உண்மைப் பங்கைத் தரும். மற்ற பத்திகளுக்கும் இப்படியே போட்டால் எல்லாப் பங்கும் சேர்ந்து 1 ஆகும்.

```
=COVARIANCE.P(C2:C61,F2:F61)/VAR.P(F2:F61)
```

இதைப் பார்த்துவிட்டுப் பணிக்குக் கண்டிப்பாக மதிப்பெண் போட்டுச் சிதறலை உண்டாக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கையெழுத்துக்கும் மார்ஜினுக்கும் மதிப்பெண் வெட்டினாலும் சிதறல் வரும், அது கற்றதைக் காட்டாது. பார்த்து எழுத முடியாத பணியாக இருக்க வேண்டும்.

என் யோசனை: வருகைக்கு மதிப்பெண் வேண்டாம். 75 சதவீதம் இல்லையென்றால் தேர்வெழுதவே விடப்போவதில்லை, அதற்கு மேல் இன்னொரு பரிசு எதற்கு? கல்லூரி விதி கட்டாயம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், அது யாரையும் அசைக்காது என்பதைத்தான் பார்த்தோமே. இல்லையென்றால் 40ஐ இப்படிப் பிரியுங்கள்: குறுந்தேர்வு 8, பணி 12, அகத்தேர்வு 20. குறுந்தேர்வு சுற்றுக்கு ஒன்று, பத்து நிமிடம், பத்து நடத்தி நல்ல எட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் தவறியவரின் மனுவையும் காய்ச்சல் சான்றிதழையும் படிக்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

பணி மூன்றே மூன்று: 2, 4, 6 என்று ஏறட்டும். முதலாவது வகுப்பு அட்டவணையிலிருந்து ஒரு படம், ஒரு பத்தி. இரண்டாவது தொடர்புப்போக்குக் கோடு. மூன்றாவதுதான் முக்கியம், 10ஆம் சுற்றில் கொடுத்து 14இல் வாங்குங்கள். மூன்று பேர் கொண்ட குழு தானே வெளியே போய் 30 அளவுகள் எடுத்து வர வேண்டும். பெரியார் பேருந்து நிலையத்தில் ஒரே தடத்தில் அடுத்தடுத்த பஸ்களுக்கு இடையிலுள்ள நிமிடங்கள், வீதியோரக் கடையில் ஒரு முழம் என்று அளந்து தரும் பூச்சரத்தின் நீளம், இப்படி எதுவும். சராசரி, திட்டப்பிழை, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, யாரை அல்லது எதை விட்டுவிட்டோம் என்று நான்கு வரி. எண்கள் ஒவ்வொரு குழுவுக்கும் வேறு, ஆகவே பார்த்து எழுதிப் பயனில்லை. காலை எட்டரைக்கு ஒரு மணி நேரம் நின்று எடுத்த பஸ் இடைவெளி நாள் முழுதுக்கும் பொருந்துமா என்ற கேள்வியை அவர்களே எழுதினால் முழு மதிப்பெண் போடுங்கள்.

அந்த 6இல் 3 எழுத்துக்கு, 3 வாய்மொழிக்கு. 60 பேரைத் தனித்தனியாக ஐந்து நிமிடம் கேட்டால் ஐந்து மணி நேரம், நடக்காது. 20 குழு, குழுவுக்கு எட்டு நிமிடம் என்றால் இரண்டே முக்கால் மணிக்குள் முடியும். மூவரில் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், மதிப்பெண் மூவருக்கும் ஒன்றே. ஒருவர் செய்து இருவர் சும்மா இருந்த குழு முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக 60 மதிப்பெண் தாள். உங்கள் கல்லூரி வினாத்தாளும் பெரும்பாலான கல்லூரிகளைப் போல ஒவ்வொரு அலகிலிருந்தும் சமமாகக் கேள்வி எடுக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியென்றால் அலகுக்கு 12 மதிப்பெண். பழைய திட்டத்தில் சராசரிக்கும் சிதறலுக்கும் 24. நிகழ்தகவு, கூறெடுப்பு, சோதனை மூன்றுக்கும் சேர்த்து 12. மாணவருக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும். கடைசி அலகை ஒதுக்கிவிட்டுப் படிப்பவர் சோம்பேறி இல்லை, கணக்குத் தெரிந்தவர். நீங்கள் 9, 10, 11 சுற்றுகளில் எவ்வளவு உழைத்தாலும் அலகின் எல்லையை மாற்றாவிட்டால் அவர் படிக்கப் போவது சராசரியைத்தான்.

ஆகவே மணிக்கணக்கை மட்டும் மாற்றிப் பாடத்திட்டக் குழுவுக்குக் கொண்டுபோகாதீர்கள். அலகுகளையே இப்படி வெட்டுங்கள்: முதல் அலகு தரவும் கூறெடுப்பும், இரண்டாவது படங்களும் சராசரியும் சிதறலும், மூன்றாவது ஒட்டுறவும் தொடர்புப்போக்கும், நான்காவது நிகழ்தகவும் கூறெடுப்புப் பரவலும், ஐந்தாவது நம்பிக்கை இடைவெளியும் சோதனையும். இப்போது கடைசி இரண்டுக்கும் 24 வருகிறது. குழுவில் யாராவது 'இசைச் சராசரியை எடுத்துவிட்டீர்களே' என்று கேட்பார்கள். எடுக்கவில்லை, இரண்டாம் அலகில் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று காட்டுங்கள். கூடவே நான்காம் அலகுக்கு ஒரு மாதிரி வினாவையும் இணைத்து அனுப்புங்கள். மேலே சொன்ன 25, 100 கேள்வியே போதும், ஐந்து மதிப்பெண்ணுக்கு, காரணம் எழுதச் சொல்லி. மாதிரி வினா இணைக்கவில்லையென்றால் வினாத்தாள் எடுக்கும் வெளிக்கல்லூரி ஆசிரியர் பழைய வினாக்களையே புதிய அலகு எண் போட்டு அனுப்பிவிடுவார்.